ஹட்டனில் ஏறுகிறவர்களுக்கு ஏழே கால்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை நானே சொல்லிவிடுவது நல்லது. ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே போட்டோகொப்பி எடுப்பது, போனுக்கு ரீலோட் போடுவது, யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸுக்கு இருக்கை பதிவது என்று எல்லாவற்றையும் ஒரே மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் நான். முதலாளி காலையில் ஒரு தடவை எட்டிப் பார்ப்பார். அதற்குப் பிறகு கடையில் என் சட்டம்தான்.

டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்க வருகிறவர்களோடுதான் எனக்கு அதிகம் சண்டை. முழுக் காசும் கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டு வருவார்கள். நான் சுவரில் ஒட்டியிருக்கும் தாளைக் காட்டுவேன். பஸ் புறப்பட நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் ஏசி இருக்கைக்குப் பத்து வீதம் கழிவு, சாதாரண இருக்கைக்கு ஐந்து. நாற்பத்தெட்டுக்கும் இருபத்துநாலுக்கும் நடுவில் என்றால் ஏசிக்கு இருபத்தைந்து, சாதாரணத்துக்குப் பதினைந்து. இருபத்துநாலுக்குக் குறைந்தால் ஏசிக்கு ஐம்பது, சாதாரணத்துக்கு முப்பது. பன்னிரண்டுக்கும் குறைந்துவிட்டால் எந்த இருக்கைக்கும் ஒரு சதம் கிடையாது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன்.

சென்ற பள்ளி விடுமுறைக்கு முன்னால் ஒரு வாத்தியார் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், இங்கே பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிப்பவர். ஒரு ஏசி டிக்கெட். மறுநாள் மாலைப் பயணத்தை முதல் நாள் மாலை ஆறு மணி போல ரத்துச் செய்ய வந்தார். டிக்கெட் மெசின் ஐம்பது வீதம் வெட்டியது. "தங்கச்சி, வடிவாப் பாருங்கோ, பஸ்ஸுக்கு இன்னும் இருபத்துநாலு மணித்தியாலத்துக்கு மேல இருக்கு" என்றார். டிக்கெட்டைத் திருப்பி அதன் பின்பக்கத்தில் எதையோ காட்டவும் வந்தார். கடையில் அன்று நல்ல கூட்டம். டியூசன் விட்டு வந்த பிள்ளைகள் போட்டோகொப்பிக்காக வரிசையில் நின்றார்கள். நான் திரையை அவர் பக்கம் திருப்பி, "சேர், மெசினுக்குக் கணக்குத் தெரியும். நீங்க கணக்கு வாத்தியார்தானே, பாத்துக்குங்க" என்றேன். பின்னால் நின்ற பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். அவர் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு ஆயிரத்து ஐநூறு ரூபாயை வாங்கிக்கொண்டு போய்விட்டார். நல்ல பதிலடி கொடுத்தேன் என்று அன்று எனக்குப் பெருமைதான். பிளேன்டீ கூட ருசியாக இருந்தது.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

ஞாயிறு என்றால் தேயிலைத் தோட்டங்களில் இருக்கிற சனமெல்லாம் டவுனில்தான். பின்னேரம் நாலு நாற்பதுக்கு ஒரு தாயும் மகளும் கடைக்குள் வந்தார்கள். தாய் கொழுந்து பறிக்கிறவர். மகளுக்கு யாழ்ப்பாணத்துக் கெம்பஸ் கிடைத்திருந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் பல்கலைக்கழகத்தில் பதிவு. திங்கள் மாலை பஸ்ஸில் தகப்பனும் மகளும் போவதாக இரண்டு ஏசி இருக்கை எடுத்திருந்தார்கள். கொழும்பில் கடையொன்றில் வேலை செய்யும் மாமா, பிள்ளை சொகுசாகப் போகட்டும் என்று அனுப்பிய காசு. தகப்பன் என்னிடம்தான் வந்து டிக்கெட் வாங்கியிருந்தார். ஒன்று மூவாயிரம், இரண்டுக்கும் ஆறாயிரம்.

"அக்கா, இது ரெண்டையும் கென்சல் பண்ணிட்டு நோர்மல் பஸ்ஸுல மூணு சீட்டு வேணும்" என்றாள் மகள். "அம்மாவும் வர்றாங்க."

"நான் எங்க வர்றேன்னு சொன்னேன்? இவதான் சொல்றா" என்றார் தாய். ஆனால் முகம் வேறு மாதிரி இருந்தது. கண்டியைத் தாண்டி இதுவரை போனதில்லை என்று அவரே சொன்னார். பிள்ளை எங்கே தங்கப் போகிறாள், எந்தக் கட்டிலில் படுக்கப் போகிறாள் என்று ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் போதுமாம். கையில் வேறு காசு இல்லை. இருந்ததெல்லாம் மெத்தை, வாளி, பெட்டி என்று போய்விட்டது. சம்பளத்துக்கு இன்னும் ஒன்பது நாள். டிக்கெட் காசு திரும்பி வருவதை வைத்துத்தான் மூன்றாவது இருக்கை.

மகள் சுவரில் இருந்த தாளைப் பார்த்தாள். "பதினஞ்சு வீதம் வெட்டுவீங்க, இல்லையாக்கா?"

"அது நோர்மல் சீட்டுக்கு. உங்களோடது ஏசி. இந்தப் பக்கத்த பாருங்க, இருபத்தஞ்சு."

அவள் உதட்டுக்குள் கணக்குப் போட்டாள். ஆறாயிரத்தில் இருபத்தைந்து வீதம் போனால் நாலாயிரத்து ஐநூறு. சாதாரண இருக்கை ஆயிரத்து ஐநூறு, மூன்றுக்கும் அதே நாலாயிரத்து ஐநூறு. ஒரு ரூபாய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. "சரியா இருக்கும்மா!" என்று தாயின் தோளைப் பிடித்து உலுக்கினாள். எனக்கும் சந்தோசமாக இருந்தது. நான் மெசின் பக்கம் கையைக் கொண்டுபோனேன்.

தாய் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "தங்கச்சி, கொஞ்சம் இருங்க. இன்னைக்கு ஞாயித்துக்கெழம. நாலரையிலேருந்து ஆறு வரைக்கும் ராவு காலம்."

"அதுக்கென்ன அக்கா, பஸ்ஸா ஏறப் போறீங்க? டிக்கெட்தானே."

"பிள்ள மொத மொதலா போற பயணம். ராவு காலத்துல டிக்கெட்ட கிழிச்சு, ராவு காலத்துலயே வேற டிக்கெட் எழுதறதா? வேணாம் தங்கச்சி. ஆறு மணி வரைக்கும் இப்பிடி ஓரமா உக்காந்திருக்கோம்."

மகள் பல்லைக் கடித்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை. என் அம்மாவும் இதே கட்சிதான். வழக்கமாக இப்படி யாராவது கேட்டால் மெசினில் போட்டுப் பார்த்துத்தான் பதில் சொல்வேன். இராகு காலத்தில் மெசினையே தொட வேண்டாம் என்பது போல அந்த அக்கா பார்த்துக்கொண்டிருந்ததால், டிக்கெட்டை மட்டும் கையில் எடுத்தேன். ஹட்டனில் ஏறும் நேரம் திங்கள் மாலை ஏழே கால் என்று போட்டிருந்தது. ஆக, இன்றைக்கு ஏழே கால் வரைக்கும் இருபத்துநாலு மணிக்கு மேல்தான்.

"தாராளமா நேரம் இருக்கு. உக்காருங்க" என்றேன். அவ்வளவு நிச்சயமாகச் சொன்னேன்.

ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ரீலோட் அட்டைப் பெட்டிக்குப் பக்கத்தில் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மகளிடம் தாய் என்னென்னவோ கேட்டுக்கொண்டிருந்தார். அங்கே குளிர் இருக்காதா, குளிருக்குப் போடுகிற ஸ்வெட்டர் எல்லாம் எதற்கு, கிணற்றுத் தண்ணீர் உப்பாமே. நான் வேலையைப் பார்த்தேன். ஆறு மணி ஐந்து நிமிடத்துக்குத் தாய் எழுந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, இரண்டு டிக்கெட்டையும் இரண்டு கையாலும் நீட்டினார். நான் மெசினில் போட்டேன்.

கழிவு ஐம்பது வீதம். திருப்பிக் கொடுக்க வேண்டியது மூவாயிரம்.

இன்னொரு தடவை இலக்கத்தை அடித்தேன். அதே மூவாயிரம். மூவாயிரத்துக்கு இரண்டு இருக்கைதான் வரும். உட்காருங்கள் என்று சொன்னது நான். நாலு நாற்பதுக்கே அழுத்தியிருந்தால் இருபத்தைந்தோடு போயிருக்கும்.

மகள் திரையைப் பார்த்துவிட்டாள். தாயைத் திரும்பிப் பார்த்த பார்வையில் கோபம் முழுவதும் இராகு காலத்தின் மேல்தான். தாய் சட்டென்று சொன்னார்: "பரவாயில்ல தங்கச்சி. ரெண்டு போடுங்க. அப்பாவும் மகளும் போகட்டும். நாளைக்கு எனக்குப் பேராவது விழும்." வேலைக்குப் போனால் விழும் ஒரு நாள் சம்பளத்தைத்தான் சொன்னார். அழவில்லை, முகம் கூடச் சுளிக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"ஏன்க்கா, ஒரு வார்த்த சண்ட போட மாட்டீங்களா?" என்று அவர் மேலேயே எரிந்து விழுந்தேன்.

"நீங்க சொன்னா சரியாத்தானே இருக்கும்?" என்றார்.

என் கைப்பையிலிருந்து ஆயிரத்து ஐநூறை எடுத்துக் கொடுத்துவிடலாம் என்றும் தோன்றியது. கொடுத்தால் வாங்க மாட்டார் என்பது அந்த முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அதோடு நான் தப்பாகக் கணக்குப் போடவில்லை என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம் இல்லை. அழுத்த வேண்டிய கடைசிப் பொத்தானை அழுத்தாமல் விட்டுவிட்டு, திரையில் இருந்த எழுத்தை ஒவ்வொன்றாக வாசித்தேன். மூலையில் சின்னதாக இருந்தது: புறப்படும் நேரம், திங்கள் மாலை ஐந்தரை, நுவரெலியா. பஸ் அங்கேதான் ஆரம்பிக்கிறது. தலவாக்கலை வழியாக ஹட்டனுக்கு வந்து சேர ஏழே கால். மெசின் ஐந்தரையிலிருந்து எண்ணுகிறது. அதன் கணக்கில் இருபத்துநாலு மணி இன்றைக்கு ஐந்தரைக்கே முடிந்துவிட்டது.

டிக்கெட்டைத் திருப்பினேன். பின்பக்கம் நுணுக்கமாக ஆறு வரி விதிகள். நாலாவது வரி: இரத்துச் செய்வதற்கான கால அளவு, பயணி ஏறும் இடத்திலிருந்து பஸ் புறப்படும் நேரத்தை வைத்துக் கணக்கிடப்படும். இத்தனை நாளாக இந்த டிக்கெட்டை அச்சடித்துக் கிழித்துக் கொடுப்பவள் நான். அந்த வரியை அன்றைக்குத்தான் வாசித்தேன்.

யாழ்ப்பாணத்தில் இருக்கும் பஸ் அலுவலகத்துக்குப் போன் எடுத்தேன். எடுத்தவர் வயதானவர், குரலில் அவசரமே இல்லை.

"பிள்ளை, பஸ் அஞ்சரைக்கு நுவரெலியாவில இருந்து வெளிக்கிடுது. அதில இருந்துதான் மெசின் கணக்குப் பாக்கும்."

"இவங்க நுவரெலியாவுல ஏறல சேர். ஹட்டன்ல ஏறுறாங்க. ஏழே காலுக்கு."

"எங்க ஏறினாலும் பஸ் ஒண்டுதானே?"

"பஸ் ஒண்ணுதான் சேர். உங்க டிக்கெட்டுக்குப் பின்னால நீங்களே அடிச்சு வச்சிருக்கிறத வாசிக்கிறேன், கேளுங்க." வாசித்தேன்.

"அவை எத்தினை மணிக்கு வந்தவை?" என்று கேட்டார்.

"நாலு நாப்பதுக்கு வந்தாங்க. ராவு காலம்னு ஆறு மணி வரைக்கும் உக்காந்திருந்தாங்க."

அவர் சிரித்துவிட்டார். "அப்ப பிரச்சினை இல்லை. அஞ்சரைக்கு முந்தி வந்தவை, பதியப் பிந்திப் போச்செண்டு போடுறன். பாவம், இந்த ஒருக்காத் தாறன். சரியோ?"

சரி என்று சொல்லியிருக்கலாம். புத்தியுள்ளவள் சொல்லியிருப்பாள். எனக்கு அந்த 'பாவம்' பிடிக்கவில்லை. "பாவம் பார்த்துத் தர வேணாம் சேர். விதிப்படி தாங்க. இன்னைக்கு இவங்களுக்குப் பாவம் பாத்தீங்கன்னா நாளைக்கு வர்ற ஆளுக்கு மெசின் மறுபடி பாதியத்தான் வெட்டும். அவங்க ராவு காலம் பாக்காத ஆளா இருந்தா என்ன செய்யறது?"

தாய் மேசையில் கையை ஊன்றிக்கொண்டு, "தங்கச்சி, தர்றேன்னு சொன்னா வாங்கிக்க வேண்டியதுதானே" என்று கிசுகிசுத்தார். மகள், "சும்மா இரும்மா" என்றாள். முதல் தடவையாக அவள் என் பக்கம்.

"மனேச்சரிட்டக் கேக்க வேணும். பொறுங்கோ, நான் எடுக்கிறன்" என்று அவர் போனை வைத்தார்.

மணி ஆறு இருபது. ஏழே காலுக்கு முன்னால் பதில் வராவிட்டால் எந்த விதிப்படியும் ஐம்பதுதான். அவர்களுடைய தோட்டத்துக்குப் போகும் கடைசி பஸ் ஏழு மணிக்கு. எதிரே பஸ் நிலையத்தில் கண்டக்டர் ஊர்ப் பெயரைக் கூவிக்கொண்டிருந்தான். தாய் வாசலுக்கும் மேசைக்கும் நடந்தார். கிடைத்ததை வாங்கிக்கொண்டு விட்டிருக்கலாமே என்று அவர் மனதுக்குள் என்னைத் திட்டியிருப்பார். நானும் என்னைத் திட்டிக்கொண்டேன். பிடித்த பிடியை விடாதது நல்ல குணமா கெட்ட குணமா என்று எனக்கு அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. ஆனால் நாலாவது வரி நாலாவது வரிதான்.

ஆறு ஐம்பதுக்குப் போன் அடித்தது.

"பிள்ளை, நீங்கள் சொன்னது சரி. மெசினுக்கு வழி முழுக்க ஒரே நேரத்தைக் குடுத்து வச்சிருக்கினம். ஏறுற இடத்தின்ர நேரம் இனித்தான் போடுவினம். இப்ப உங்களுக்கு அனுமதி இலக்கம் ஒண்டு தாறன், அதை அடியுங்கோ, இருபத்தஞ்சு வீதம் வரும்."

இலக்கத்தைத் தாளில் எழுதி, வாசித்துக் காட்டி, அடித்தேன். திரையில் நாலாயிரத்து ஐநூறு வந்தது. மகள் கையைத் தட்டிவிட்டாள். தாய் பெருமூச்சு விட்டு, "ராவு காலம் போன பொறகு போட்டா எல்லாம் நல்லாத்தான் வரும்" என்றார். ஒரு வகையில் உண்மைதானே. அவர் நாலு நாற்பதுக்கே கொடுத்திருந்தால் மெசின் சரியாகவே வெட்டியிருக்கும். தப்பு இருப்பது யாருக்கும் தெரிந்திருக்காது.

போனை வைக்கப் போன நேரம் அந்த மனிதர் கேட்டார்: "ஏன் பிள்ளை, இவ்வளவு நாளா ஹட்டனில ஏறுற ஒருத்தரும் இந்த நேரத்தில கென்சல் பண்ண வரேல்லையோ? ஒருத்தரும் கேக்கேல்லையோ?"

பிறகு பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். மூன்று இருக்கையைப் பதிந்து, டிக்கெட்டைத் தாயின் கையில் கொடுத்தேன். அவர் தன் பெயர் இருந்த டிக்கெட்டைத் தனியாக எடுத்துப் பார்த்து, மடிக்காமல் மகளின் புத்தகத்துக்குள் வைத்தார். இருவரும் ஓடிப்போய்க் கடைசி பஸ்ஸைப் பிடித்தார்கள்.

மறுநாள் திங்கள் மாலை மூன்று பேரும் வந்தார்கள். ஆறரைக்குச் சாதாரண பஸ். கடைசி வரிசை, சன்னல் பக்கம் தாய். மெத்தையைத் தகப்பன் மேலே கட்டினார். பஸ் திரும்பும்போது தாய் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "பாத்துட்டு வந்து சொல்றேன் தங்கச்சி!" என்று கத்தினார். கண்டக்டர் தலையை உள்ளே எடுக்கச் சொல்லித் திட்டினான். நான் நன்றாகக் கை காட்டினேன்.

கடைக்குள் திரும்பி வந்து ரத்துப் படிவங்கள் வைத்திருக்கும் கோப்பை எடுத்தேன். அந்த மனிதர் கேட்ட கேள்விக்குப் பதில் எனக்கு முதலிலேயே தெரியும். ஒருத்தர் கேட்டிருந்தார். படிவத்தில் போன் இலக்கம் இருந்தது. முதலில் பஸ் அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டு, அந்த இலக்கத்துக்கு அழைத்து, யார் என்று சொன்னேன்.

"ஓம், தெரியும்" என்றார் வாத்தியார்.

"சேர், நீங்க அன்னைக்குச் சொன்னது சரி. நான்தான் தப்பு. இருபத்தஞ்சுதான் வெட்டியிருக்கணும். உங்களுக்கு இன்னும் எழுநூத்தம்பது ரூபா வரணும். ஒபிசுல சொல்லிட்டேன், தர்றாங்க. எப்ப வர்றீங்க?"

"பின்பக்கத்தில இருந்தது. அதைக் காட்டத்தான் திருப்பினனான்."

"தெரியும் சேர். நான் பாக்கல."

"காசு பெரிசில்லைத் தங்கச்சி. அண்டைக்குப் பின்னால நிண்டது முழுக்க என்ர வகுப்புப் பிள்ளையள். ரெண்டு கிழமையா, கரும்பலகையில நான் கணக்குப் போடேக்க, மெசினிட்டக் கேளுங்கோ சேர் எண்டு பின் வரிசை வாங்கிலில இருந்து சத்தம் வந்தது." குரலில் கோபம் இல்லை. அதனால் எனக்கு இன்னும் கூசியது.

"டியூசன் எத்தன மணிக்கு சேர் விடுது?"

"அஞ்சரைக்கு."

"நாளைக்கு அஞ்சரைக்கு வாங்க" என்றேன். "புள்ளைங்க வரிசையில நிக்கிற நேரமா வாங்க."

வந்தார். கடை நிறையப் பிள்ளைகள். இரண்டு மூன்று பேர் அவரைப் பார்த்ததும் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். நான் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கவில்லை, எழுந்து முன்னால் வந்து நின்றேன். எல்லாருக்கும் கேட்கும்படி டிக்கெட்டின் நாலாவது வரியை வாசித்தேன். பிறகு என் வழக்கமான குரலில், கொஞ்சமும் குறைக்காமல் சொன்னேன்: "அன்னைக்கு சேர் போட்ட கணக்கு சரி. மெசின் தப்பு. மெசின நம்பி அவர மட்டம் தட்டுன நானும் தப்பு."

யாரும் சிரிக்கவில்லை. வாத்தியார் எழுநூற்றைம்பது ரூபாயை எண்ணாமல் சட்டைப் பையில் வைத்தார்.